இலவச வழக்கறிஞர் கேட்கும் பெண்ணுக்கு வருமானச் சான்றிதழ் தேவையில்லை

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டையில் அப்பா சொந்தமாக வாங்கிய வீடு. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் அண்ணன் முழு வீட்டையும் விற்க முன்பணம் வாங்கிவிட்டார். இந்தப் பெண் இலவச வழக்கறிஞர் கேட்டுப் போனால், "முதலில் வருமானச் சான்றிதழ் வாங்கி வாருங்கள்" என்று யாராவது திருப்பி அனுப்புவார்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருக்கும்போதே பத்திரப்பதிவு முடிந்துவிடும். இப்படி உரிமையை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பிரிவு 12இன்படி பெண் என்பதே தகுதி. அவருடைய வருமானத்தையோ கணவரின் சம்பளத்தையோ கேட்க இடமில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. வருமான வரம்பு அந்தப் பிரிவு விலக்கு தராத மற்றவர்களுக்குத்தான். அவர்களுக்கும் பிரிவு 13இன்படி, சந்தேகப்படக் காரணம் இல்லாவிட்டால், வருமானத்தைச் சொல்லும் பிரமாணப் பத்திரமே போதும். யாராவது மறுத்தால் இந்தப் பிரிவு எண்களைச் சொல்லுங்கள்.

வடசென்னைக்காரர்கள் போகவேண்டிய இடம் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பாரிமுனையில் இறங்கி நடந்தால் போதும். வழியில் "நான் முடித்துத் தருகிறேன்" என்று வருபவரிடம் காகிதங்களைக் கொடுக்காதீர்கள். 15100 என்ற எண்ணிலும் இலவசமாகக் கேட்கலாம்.

மனுவை வெள்ளைத்தாளில் எழுதலாம். எழுதத் தெரியாவிட்டால் அங்கேயே எழுதித்தரச் சொல்லுங்கள். வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதனால் "அண்ணன் ஏமாற்றுகிறார்" என்று மட்டும் எழுதினால் போதாது. அப்பா இறந்த தேதி, வீட்டு முகவரி, விற்பனைப் பேச்சு எப்போது தெரியவந்தது என்பதெல்லாம் வேண்டும். ஆதார், இறப்புச் சான்று, பத்திர நகல் ஆகியவற்றில் கையில் இருப்பதை இணையுங்கள். வாரிசுச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விற்பனை அவசரம் என்றால், தடையுத்தரவு வேண்டும் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஏழு நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்ற விதியைக் காட்டிக் கேட்க அந்தத் தேதிதான் ஆதாரம்.

ஜீவனாம்ச வழக்கானாலும், விவாகரத்து வழக்கானாலும் இதே வழிதான். உங்கள் மீது சொத்து வழக்கு போட்டு சம்மன் வந்திருந்தால் அன்றே போங்கள். பதிலுரை தாக்கல் செய்ய பொதுவாக 30 நாட்கள்தான். நீங்கள் உதவி கேட்டிருக்கிறீர்கள் என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது.

நியமிக்கப்படும் வழக்கறிஞருக்குச் சம்பளம் ஆணைக்குழு தரும். நீதிமன்றக் கட்டணமும் தட்டச்சுச் செலவும் இந்த உதவியில் அடங்கும். "செலவுக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். எழுத்தில் புகார் கொடுத்து வேறு வழக்கறிஞரைக் கேளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு அழைத்தால், பங்கு எவ்வளவு, பணம் எந்தத் தேதியில் என்று முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகே ஒப்புக்கொள்ளுங்கள். அங்கே போடும் கையெழுத்துக்கு மேல்முறையீடு கிடையாது.