தேய்மானத்தை எத்தனை தடவை கழிப்பீர்கள்?

போன வாரம் ஒரு மாணவி விடைத்தாள் நகலோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். மேலூர்ப் பக்கத்துப் பெண். நிதி மேலாண்மையில் 10 மதிப்பெண் கணக்குக்கு 1 மதிப்பெண் விழுந்திருந்தது. "சார், ஃபார்முலா எல்லாம் கரெக்ட்டாத்தான் சார் போட்டேன்" என்றாள். வாங்கிப் பார்த்தால் பக்கத்தில் மொத்தம் நான்கே வரி. கடைசி வரி: நிகர தற்போதைய மதிப்பு மைனஸ் 2,23,908, திட்டத்தை நிராகரிக்கலாம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

கழித்த தேய்மானத்தைத் திரும்பக் கூட்டாமல் விடும் இந்தத் தவறை இந்த ஒரு பருவத்திலேயே எத்தனை தாளில் பார்த்துவிட்டேன் என்று எனக்கே எண்ணிக்கை விட்டுப்போனது. அதனால்தான் எழுதுகிறேன்.

கணக்கு சாதாரணமானதுதான். இயந்திரத்தின் விலை 4,00,000 ரூபாய், ஆயுள் 5 ஆண்டு, கழிவு மதிப்பு கிடையாது, நேர்கோட்டு முறையில் தேய்மானம், வரி 30 சதவீதம், தள்ளுபடி விகிதம் 10 சதவீதம். தேய்மானத்துக்கும் வரிக்கும் முந்தைய லாபம் வரிசையாக 1,20,000, 1,40,000, 1,60,000, 1,80,000, 1,40,000. என்பிவி என்கிற நிகர தற்போதைய மதிப்பு, போட்ட பணம் திரும்ப வர எத்தனை ஆண்டு என்கிற பேபேக் இரண்டும் கேட்டிருக்கிறார்கள்.

முதல் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1,20,000-இல் தேய்மானம் 80,000 போக 40,000. அதில் வரி 12,000. மிச்சம் 28,000. அந்தப் பெண் கால்குலேட்டரில் இதுவரை சரியாகப் போட்டிருக்கிறாள், ஆனால் இங்கேயே நிறுத்திவிட்டாள். ஐந்து ஆண்டுக்கும் இப்படியே போட்டு, அந்த லாபத்தையே, வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றும் காரணியால் பெருக்கி, கூட்டி, 4 லட்சத்தைக் கழித்திருக்கிறாள். 80,000-ஐத் திரும்பக் கூட்டவே இல்லை.

ஏன் கூட்டவில்லை என்று கேட்டேன். "தேய்மானம் செலவுதானே சார், கழிச்சதை எதுக்குத் திரும்பக் கூட்டணும்?"

எல்லோரும் சொல்வது இதையேதான், ஒவ்வொரு வருடமும். அவள் அப்பா மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் குட்டி யானை வைத்திருக்கிறார், அதை வைத்தே சொன்னேன். ஏம்மா, வண்டி வாங்கின அன்றைக்கே 4 லட்சம் கையை விட்டுப் போய்விட்டது இல்லையா? அப்புறம் வருடா வருடம் வண்டி தேய்கிறதே என்று அப்பா யாரிடமாவது 80,000 எண்ணிக் கொடுக்கிறாரா? இல்லை. டீசலுக்குக் கொடுக்கிறார், டயருக்குக் கொடுக்கிறார், தேய்மானத்துக்கு யாருக்கும் கொடுப்பதில்லை. அட்டவணையில் 0 ஆம் ஆண்டில் 4 லட்சத்தை முழுசாகக் கழித்தாகிவிட்டது. பிறகு ஐந்து வருடமும் 80,000 கழித்தால் அதே 4 லட்சத்தை இரண்டாவது தடவை கழிக்கிறீர்கள். அப்படிக் கழித்தால் நல்ல திட்டம்கூட நஷ்டத்தில் நின்றுவிடலாம்.

"அப்போ தேய்மானத்தைக் கழிக்கவே வேண்டாமே சார்?" என்றாள். இது இரண்டாவது கூட்டம் செய்யும் தவறு. தேய்மானம் ரொக்கம் இல்லை, ஆனால் வரி ரொக்கம். தேய்மானத்தைக் கழித்துக் காட்டுவதால் வரி குறைகிறது. கழிக்காமல் 1,20,000-க்கும் வரி போட்டால் 36,000 கட்ட வேண்டும், கழித்தால் 12,000 தான். வித்தியாசம் 24,000, அதாவது 80,000-இல் 30 சதவீதம். அந்த மிச்சத்துக்காகத்தான் கழிக்கிறோம், வரியைக் கணக்குப் போட்டு முடித்த கையோடு திரும்பக் கூட்டிவிடுகிறோம். 28,000-உடன் 80,000 சேர்த்தால் 1,08,000. முதல் ஆண்டின் ரொக்க வரவு இதுதான்.

மற்ற ஆண்டுகளின் ரொக்க வரவையும் இப்படியே போட்டால் அது முதல் அட்டவணை. அதை வைத்து இரண்டாவது அட்டவணை இப்படி வரும்:

| ஆண்டு | ரொக்கம் | திரண்ட ரொக்கம் | காரணி 10% | தற்போதைய மதிப்பு |
|---|---|---|---|---|
| 0 | (4,00,000) | (4,00,000) | 1.000 | (4,00,000) |
| 1 | 1,08,000 | (2,92,000) | 0.909 | 98,172 |
| 2 | 1,22,000 | (1,70,000) | 0.826 | 1,00,772 |
| 3 | 1,36,000 | (34,000) | 0.751 | 1,02,136 |
| 4 | 1,50,000 | 1,16,000 | 0.683 | 1,02,450 |
| 5 | 1,22,000 | 2,38,000 | 0.621 | 75,762 |
| | | | என்பிவி | 79,292 |

மைனஸ் 2,23,908 எங்கே, பிளஸ் 79,292 எங்கே. நிராகரிக்கச் சொன்ன திட்டம் ஏற்க வேண்டிய திட்டமாகிவிட்டது. ஒரே ஒரு நெடுவரிசை விட்டுப்போனதன் விலை இது.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், அவள் முதல் அட்டவணையைப் போட்டிருந்தால் இந்தத் தவறோடுகூட நான் 6 மதிப்பெண் கொடுத்திருப்பேன். தேய்மானம் சரி, வரி சரி, காரணி சரி, பெருக்கலும் சரி. தாள் திருத்துகிறவன் தவறு நடந்த இடத்தில் ஒரு முறை வெட்டிவிட்டு, அந்தத் தவறான எண்ணை வைத்தே மிச்சத்தைச் சரியாகச் செய்திருக்கிறாயா என்றுதான் பார்ப்பான். ஆனால் எனக்குத் தெரிவது கடைசி எண் மட்டும் என்றால், சரியாகச் செய்த படிகளுக்கு எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது? எல்லாவற்றையும் கால்குலேட்டரிலேயே முடித்துவிட்டு விடையை மட்டும் தாளில் இறக்காதீர்கள், தயவுசெய்து.

முதல் அட்டவணையில் ஆறு நெடுவரிசை போதும்: முந்தைய லாபம், தேய்மானம், வரிக்குரிய லாபம், வரி, வரிக்குப் பிந்தைய லாபம், ரொக்க வரவு. ஆண்டுகளைக் கீழ்நோக்கி எழுதுங்கள். தேய்மானம் கண்டுபிடித்த வரியை அட்டவணைக்கு மேலேயே குறிப்பாகப் போடுங்கள். ஸ்கேலும் பென்சிலும் கொண்டு போங்கள். பக்கத்தின் அடியில் இடம் இல்லையென்றால் அடுத்த பக்கத்தில் தொடங்குங்கள், மூன்றாம் ஆண்டு இந்தப் பக்கம், நான்காம் ஆண்டு மறுபக்கம் என்றால் திருத்துகிறவர் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கழிவு மதிப்பு கொடுத்திருந்தால் தேய்மானம் போடும்போது விலையில் கழித்துக்கொண்டு, கடைசி ஆண்டு ரொக்கத்தில் தனியாகக் காட்டுங்கள்.

நான் வகுப்பில் சொல்லும் ஒரு சரிபார்ப்பு இருக்கிறது, அரை நிமிட வேலை. திரண்ட ரொக்கத்தின் கடைசி எண்ணும், வரிக்குப் பிந்தைய லாபங்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே 28,000, 42,000, 56,000, 70,000, 42,000 கூட்டினால் 2,38,000. அட்டவணையிலும் அதேதான். ஒத்துவரவில்லை என்றால் தேய்மானத்தை எங்கோ விட்டிருக்கிறீர்கள், அல்லது கூட்டலில் பிழை.

பேபேக்குக்கு வருவோம். வெறும் பேபேக் என்று கேட்டால் ரொக்க வரிசையைப் பாருங்கள், தற்போதைய மதிப்பு வரிசையைத் தொடாதீர்கள். தள்ளுபடி செய்த பேபேக் என்று வெளிப்படையாகக் கேட்டால் மட்டுமே அது. வருடத்துக்கு வருடம் ரொக்கம் மாறும்போது சராசரி எடுத்து 4 லட்சத்தை வகுப்பதும் கூடாது. மூன்றாம் ஆண்டு முடிவில் இன்னும் 34,000 பாக்கி, நான்காம் ஆண்டில் வருவது 1,50,000. ஆகவே 3 + 34,000 ÷ 1,50,000, அதாவது 3.23 ஆண்டு. இந்த வகுத்தலை ஒரு வரியாக எழுதிக் காட்டுங்கள், அதற்கும் மதிப்பெண் உண்டு.

அந்தப் பெண் இதையும் என் முன்னாலேயே சரியாகப் போட்டுவிட்டு, கீழே "3 ஆண்டு 23 மாதம்" என்று எழுதினாள். வருடத்துக்கு 12 மாதம்தானேம்மா என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, 0.227-ஐப் பன்னிரண்டால் பெருக்கி, 3 ஆண்டும் ஏறக்குறைய 2.7 மாதமும் என்று திருத்தினாள்.