அட்டெனுவேட்டட்: மெலிந்தது, ஆனால் உயிரோடு இருப்பது

ஃப்ளூ தடுப்பூசிகளில் ஒருவகையின் விவரத்தாளில் ‘லைவ் அட்டெனுவேட்டட்’ என்று இரண்டு சொற்கள் சேர்ந்து வரும். சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவர், எலும்பு மஜ்ஜை மாற்றம் முடிந்தவர், கீமோதெரபியில் இருப்பவர் ஆகியோர் தங்களுக்கு எந்தத் தடுப்பூசி ஆகும், எது ஆகாது என்று பிரித்தறிய இந்தச் சொற்கள் புரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

லத்தீனில் ‘டெனுயிஸ்’ என்றால் மெல்லியது. அதிலிருந்து வந்த வினை ‘அட்டெனுவாரே’, அதாவது மெலியச் செய்தல். நுண்ணுயிரியலில் இந்தச் சொல்லுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் லூயி பாஸ்டர். கோழிகளைத் தாக்கும் காலரா கிருமியை வளர்ப்புக் கரைசலில் நெடுநாள் விட்டுவைத்தால் அதன் கொடுமை குறைவதையும், அப்படிக் குறைந்த கிருமியைச் செலுத்திய கோழிகள் பிறகு வீரியமான கிருமியைத் தாங்குவதையும் அவர் கண்டார். 1880-இல் இதைப் பற்றி எழுதியபோது கிருமியின் ‘அட்டெனுவேஷன்’ என்றே குறிப்பிட்டார். கிருமி சாகவில்லை, பெருகும் ஆற்றலும் அதற்குப் போகவில்லை. நோயை உண்டாக்கும் வலு மட்டும் மெலிந்தது.

தமிழில் இதை ‘வலுவிழந்த கிருமி’, ‘வீரியம் குறைந்த கிருமி’ என்றெல்லாம் எழுதுகிறோம். பிழையில்லை, ஆனால் போதாது. வலுவிழந்தது என்றதும் செத்துப்போனது என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னும் மோசமான குழப்பம் ஒன்று உண்டு: “எனக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைவு, அதனால் வீரியம் குறைந்த ஊசிதானே எனக்கு ஏற்றது?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உண்மை நேர் எதிர். ஆகவே ‘மெலிவித்த உயிர்த் தடுப்பூசி’ என்பதே பொருத்தமான சொல் என்பேன். ‘மெலிவித்த’ என்பது லத்தீன் மூலத்துக்கு அணுக்கமானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். ‘உயிர்’ என்ற சொல் அங்கே எச்சரிக்கைப் பலகையாக நிற்பதுதான் முக்கியம்.

ஃப்ளூவில் இந்த வகை மூக்கில் தெளிக்கும் மருந்தாக வருகிறது. அமெரிக்காவில் 2003-இல் அனுமதி பெற்றது. இதிலுள்ள வைரஸை ஏறக்குறைய 25 டிகிரி செல்சியஸ் குளிரில் பெருகப் பழக்கியிருக்கிறார்கள். மூக்கின் உள்பகுதி உடம்பின் மற்ற இடங்களைவிடக் குளிர்ந்தது என்பதால் அங்கே அது சற்றே பெருகி, எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பும். நுரையீரலின் சூட்டில் அதனால் சரிவரப் பெருக முடியாது. நலமாக உள்ளவரின் உடல் சில நாட்களில் அதைத் துடைத்துவிடும். ஆனால் அந்தத் துடைக்கும் வேலையைச் செய்யும் அணுக்களைத்தான் கீமோதெரபியும், மாற்று உறுப்பைக் காக்கத் தரும் மருந்துகளும் அடக்கிவைத்திருக்கின்றன. வைரஸ் எப்போது அடங்கும் என்று சொல்ல முடியாத உடலில் உயிருள்ள எதையும் விடுவதில்லை என்பது மருத்துவ விதி.

இவர்களுக்கு உரியவை ‘இன்ஆக்டிவேட்டட்’, அதாவது செயலிழக்கச் செய்த தடுப்பூசிகள். ஃபார்மால்டிஹைடு போன்ற ரசாயனங்களால் வைரஸைக் கொன்று, உடைத்து, அதன் மேற்பரப்புப் புரதங்களை ஊசியாகத் தருவார்கள். வைரஸையே தொடாமல், அந்தப் புரதத்தை மட்டும் பூச்சி அணுக்களில் தயாரிக்கும் ‘ரீகாம்பினன்ட்’ வகையும் உண்டு. இரண்டிலும் பெருக எதுவுமில்லை, எனவே இவற்றால் ஃப்ளூ வராது. ஊசி போட்டால் மாற்று உறுப்பை உடல் நிராகரித்துவிடுமோ என்ற பயத்துக்கும் ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அடங்கிக் கிடக்கும் எதிர்ப்பாற்றல் ஊசிக்கும் சரியாகப் பதில் சொல்லாது. வழக்கமான ஊசியில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராம் புரதம் இருக்கும். முதியவர்களுக்கென உருவான உயர் அளவு ஊசியில் 60. உறுப்பு மாற்றம் பெற்றவர்களிடம் இது கூடுதலான எதிர்ப்பொருளை உண்டாக்கியதாக ஆய்வுகள் காட்டின. 2024 முதல் அமெரிக்கத் தடுப்பூசிப் பரிந்துரைகளில், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுக்கும் 18 முதல் 64 வயது வரையிலான உறுப்பு மாற்றம் பெற்றவர்களும் இதைப் போட்டுக்கொள்ளலாம் என்று சேர்த்தார்கள். எதிர்ப்பாற்றலைக் கூடுதலாகத் தட்டி எழுப்பும் தூண்டுபொருள் கலந்த ஊசியும் அப்படியே. ஆக, மெலிந்த உடலுக்கு வேண்டியது மெலிந்த ஊசி அல்ல, கனமான ஊசி. அது கிடைக்காவிட்டால் சாதாரணச் செயலிழந்த ஊசியைத் தள்ளிப்போடாமல் போட்டுக்கொள்வதே நல்லது.

எப்போது என்பதும் வகையளவுக்கு முக்கியம். கீமோதெரபி தொடங்கப்போகிறவர் முடிந்தால் இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும், எதிர்ப்பொருள் உருவாக அவ்வளவு நாள் ஆகும். ஏற்கெனவே தொடங்கிவிட்டால் இரண்டு சுற்றுகளுக்கு இடையே, வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இல்லாத நாளாகப் பார்ப்பார்கள். எதிர்ப்பொருளை உருவாக்கும் பி அணுக்களை ஒழிக்கும் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்து ஏறியிருந்தால் ஆறு மாதம் வரை ஊசியின் பலன் மிகக் குறைவாகவே இருக்கும். எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் வழக்கமாக ஆறு மாதம் காத்திருப்பார்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு மாதம் முன்பு சிறுநீரகம் மாற்றிக்கொண்ட 45 வயதுப் பெண். எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு மூன்றும் எடுக்கிறார். வீட்டில் கணவரும் ஆறு வயது மகளும். ஃப்ளூ பருவம் நெருங்குகிறது. அவருக்கு உயர் அளவுச் செயலிழந்த ஊசி. கணவருக்கும் மகளுக்கும் சாதாரணச் செயலிழந்த ஊசி, ஏனென்றால் அந்தப் பெண்ணுக்குப் போட்ட ஊசி அரைகுறையாகவே வேலை செய்யும், வைரஸ் வீட்டு வாசலிலேயே நிற்க வேண்டும். மகளுக்கு ஊசி பயம், மூக்குத் தெளிப்பு போதுமா? இந்தத் தாய் தனியறைப் பாதுகாப்பில் இல்லை, அதனால் விதிப்படி தடையில்லை. இதே பெண் எலும்பு மஜ்ஜை மாற்றம் முடிந்து பாதுகாப்பு அறையில் இருப்பவர் என்றால் தெளிப்பு வேண்டாம். தெரியாமல் போட்டுவிட்டால் மகள் ஏழு நாள் அருகில் போகக் கூடாது.

பருவத்தின் நடுவே, சிறுநீரகம் மாற்றிக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு இருமலும் உடல்வலியும் வருகின்றன, வெப்பமானி 37.4 டிகிரி செல்சியஸ் மட்டுமே காட்டுகிறது. ‘காய்ச்சல் இல்லையே’ என்று இருந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும். அன்றே மாற்றுச் சிகிச்சைக் குழுவை அழைத்து, சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை காத்திராமல் ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசெல்டமிவிர் மருந்தைத் தொடங்குவார்கள். முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால் பலன் அதிகம், ஆனால் இவரைப் போன்றவர்களுக்கு அது கடந்தாலும் கொடுப்பார்கள். வழக்கமான அளவு 75 மில்லிகிராம் தினம் இருவேளை, ஐந்து நாள். புதுச் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று பார்த்து அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், நாட்களைக் கூட்டவும் நேரலாம். எதிர்ப்பாற்றல் அடங்கியவர்களின் சளியில் வைரஸ் வாரக்கணக்கில் வெளிவரும் என்பதால் ஐந்தாம் நாளுக்குப் பிறகும் அவர் முகக்கவசத்துடனேயே மருத்துவமனைக்குப் போவார். கீமோதெரபியில் இருப்பவருக்கு 38 டிகிரி தொட்டாலே நிலைமை வேறு: பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலைத் தணித்துப் பார்ப்பதற்கு முன், அந்த நேரமே, நள்ளிரவானாலும், மருத்துவமனையை அழைக்க வேண்டும். அது ஃப்ளூவா, வெள்ளணுக்கள் குறைந்த ரத்தத்தில் பாக்டீரியா புகுந்ததா என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது.