புள்ளிகளை இணைத்தால் எழுதப் பழகியதாகிவிடாது

“எழுத்து வடிவாகத்தான் இருக்கிறது டீச்சர், ஆனால் வகுப்பில் எழுதி முடிக்கிறான் இல்லை” என்று தரம் 2 பிள்ளை ஒன்றின் கொப்பியை வெள்ளவத்தைத் தாய் ஒருவர் அண்மையில் என்னிடம் நீட்டினார். இதே முறைப்பாட்டைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாகிவிட்டது. கொப்பியை மூடிவைத்துவிட்டு, ‘ம’ எழுதச் சொல்லிப் பிள்ளையின் கையைக் கவனித்தேன். முதலில் ‘ப’ எழுதினான், பென்சிலைத் தூக்கினான், பிறகு அடிக்கோட்டின் நடுவிலிருந்து மேலேறி வலப்பக்கமாக வளைத்து ஒட்டினான்.

‘ம’ இடப்பக்க மேல்முனையில் தொடங்கிக் கீழிறங்கி, வலப்பக்கம் சென்று, மேலேறி, உட்புறம் வளைந்து அடிக்கோட்டுக்கு இறங்கும்வரை பென்சில் தூக்காமல் எழுதவேண்டிய எழுத்து. ‘ழ’ அதே பாதையில் வந்து, இறங்கும் இடத்தில் நிற்காமல் கோட்டைத் தாண்டிக் கீழே வாலாகச் சுழிக்கிறது. கீழிருந்து மேலே ஒட்டிப் பழகிய பிள்ளைக்கு அந்த வாலை மூன்றாவது துண்டாகச் சேர்க்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு சொல்லிலும் நேரம் போகிறது.

புள்ளி எழுத்துத் தாள்களைக் கட்டுக்கட்டாகப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தால் எழுத்து வந்துவிடும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். புள்ளிகள் வடிவத்தை மட்டுமே காட்டுகின்றன. எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அவை சொல்வதில்லை. பிள்ளை தனக்கு வசதியான முனையில் தொடங்கி எல்லாப் புள்ளிகளையும் இணைத்துவிடும், நாமும் சரி போட்டுவிடுவோம். அதே தாளை ஐம்பது தரம் செய்வித்தால், பிழையான பாதைதான் ஐம்பது தரம் பதியும். தயவுசெய்து தாளைத் திருத்துவதற்கு முன் கையைப் பாருங்கள். பக்கத்தில் இருக்க முடியாவிட்டால், ‘ம’வின் வலப்பக்க மேல்வளைவை உற்றுப் பாருங்கள், அங்கே இடைவெளியோ இரட்டைக் கோடோ இருந்தால், பெரும்பாலும் அது ஒட்டிய எழுத்துத்தான்.

நல்ல தாளில் தொடக்கப் புள்ளி தடிப்பாக இருக்கும். அம்புக்குறிகள் பிள்ளை எழுதும் கோட்டை மறைக்காமல் அதன் அருகே ஓடும். வரிக்கு ஓர் எழுத்து அம்புக்குறியோடும், அடுத்த இரண்டு புள்ளி வடிவிலும், அதற்கடுத்தது தொடக்கப் புள்ளியோடு மட்டும், கடைசி இடம் வெறுமையாகவும் இருந்தால் போதும். மாதிரி எழுத்தை வரியின் வலப்பக்கத்திலும் போடுங்கள், ஏனெனில் இடக்கையால் எழுதும் பிள்ளையின் கை இடப்பக்க மாதிரியை மறைத்துவிடும்.

இரண்டு கோடு மட்டும் போட்ட தாளை நான் ஏற்பதில்லை. எழுத்தின் உடலுக்கு ஏறக்குறைய 15 மில்லிமீற்றர் விட்டால், ‘கீ’யின் சுழிக்கு மேலேயும் ‘ழ’வின் வாலுக்குக் கீழேயும் அதன் பாதியளவாவது வேண்டும், அந்த இடம் இல்லாத தாளில் பிள்ளை வாலை உள்ளே மடக்குகிறது, ‘ழ’வும் ‘ம’வும் ஒன்றாகிவிடுகின்றன.

அந்தப் பிள்ளைக்கு நான் புதுத் தாள் கொடுக்கவில்லை. முதலில் மேசையில் விரலால், பிறகு பென்சிலால் மெதுவாக, ஒரு நாளைக்கு ஐந்து ‘ம’ மட்டும், தாய் பக்கத்திலிருந்து பார்க்க எழுதவேண்டும் என்றேன். ‘ம’ தூக்காமல் வந்த பிறகுதான் ‘ழ’.