எல்லாவற்றுக்கும் பத்துக்குப் பத்து போட்டால்

சிறு வணிகர்களின் கணக்குகளையும் வேலைத் திட்டத்தையும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். பினாங்கு லிட்டில் இந்தியாவில் சேலைக்கடை நடத்தும் அக்கா ஒருவர், தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பயனுக்கும் பத்துக்குப் பத்து போட்டுக் கொண்டுவந்தார். “எதையும் விட முடியாது சார்” என்றார்.

முதலில் ஊழியர் சேமநிதிச் சந்தாவைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். ஒரு மாதத்துச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பது சட்டம். நாள் குறிக்கப்பட்ட கடமைக்கு மதிப்பெண் தேவையில்லை, நாட்காட்டி போதும்.

மீதி வேலைகளைத் தனித்தனியாக மதிப்பிடாமல், ஒன்றோடொன்று ஒப்பிடச் சொன்னேன். தீபாவளிக்குள் செய்யாவிட்டால் மிகக் குறைந்த இழப்பு எதில் என்று கேட்டதற்கு, சற்று யோசித்து, புதிய பெயர்ப்பலகை என்றார். அதன் பயனை 1 என்று வைத்து, மற்றவற்றுக்கு 1, 2, 3, 5, 8 என்ற எண்களை மட்டும் கொடுத்தோம். எண்களுக்கிடையே இடைவெளி இருப்பதால், ஏழா எட்டா என்ற வாதம் எழுவதில்லை.

உழைப்புக்கான எண்ணை முதலாளி சொல்லக்கூடாது, அந்த வேலையைச் செய்கிறவரே சொல்ல வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். கூகுள் மேப்ஸில் கடை நேரத்தைத் திருத்தும் அரைமணி நேர வேலையை 1 என்று வைத்தோம். அதை அளவாகக் கொண்டு, சரக்கு எண்ணுவதற்கு அக்கா 3 என்றார். எண்ணப்போகும் தம்பியோ, மாடியில் உள்ள சேலைகளில் பாதிக்கு விலைச்சீட்டே இல்லை என்று சொல்லி 8 கொடுத்தார். 8தான் நின்றது.

பயனை உழைப்பால் வகுத்தோம். வாட்ஸ்அப்பில் சிதறி வரும் ஆர்டர்களை ஒரே பதிவேட்டில் சேர்ப்பது பயன் 8க்கு உழைப்பு 2, அதாவது 4. கடை நேரம் 2க்கு 1, அதாவது 2. சரக்கு எண்ணுவது 8க்கு 8, வெறும் 1. பயன் அதிகமாக இருந்தும் உழைப்பின் பாரத்தால் பின்தங்கும் வேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு அதிகம் விற்கும் முப்பது ரகங்களை மட்டும் எண்ணினால் 5க்கு 2, அதாவது 2.5 வந்தது, அது இரண்டாம் இடத்துக்கு ஏறியது, மாடிச் சரக்கு பண்டிகைக்குப் பிறகு என்றானது. 2.5க்கும் 2க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாமே நம் ஊகத்தில் பிறந்த எண்கள்தாம்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. உழைப்பு 1 ஆக இருந்தால், அற்ப வேலையும் மேலே வந்துவிடும். அரைமணி வேலைகள் வரிசையாக முடிந்துகொண்டிருக்க, பயன் 8 பெற்ற வேலை இரண்டு வாரமாக அசையாமல் கிடந்தால், அந்தப் பொறியில் விழுந்துவிட்டோம் என்று பொருள்.

பெயர்ப்பலகை 1க்கு 5, அதாவது 0.2 பெற்றுக் கடைசியில் நின்றது. ஆனால் அதற்கு மாநகர் மன்ற அனுமதி வேண்டும், காத்திருக்கும் காலத்தை உழைப்பு எண் காட்டாது. ஆகவே விண்ணப்பத்தை மட்டும் தனி வேலையாகப் பிரித்து, அந்த வாரமே கொடுத்துவிட்டு, பலகையைப் பட்டியலின் அடியிலேயே விட்டோம்.