சின்கிரெட்டிசம் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'அது வரும்', 'அவை வரும்'. ஒருமைக்கும் பன்மைக்கும் வினை ஒன்றுதான். இறந்தகாலத்தில் அப்படியில்லை: 'அது வந்தது', 'அவை வந்தன'. ஒரு சொல்லின் வடிவங்களையெல்லாம் அடுக்கிக் காட்டும் விகற்ப அட்டவணையில் இரண்டு அறைகள் இருக்க, இரண்டிலும் ஒரே வடிவம் உட்கார்ந்திருப்பதை மொழியியலார் சின்கிரெட்டிசம் என்பார்கள்.

சொல் கிரேக்கம். ஓயாமல் தங்களுக்குள் சண்டையிட்ட கிரீட் தீவினர், வெளிப்பகை வந்ததும் ஒன்றுகூடியதைப் புளூட்டார்க் இப்பெயரால் குறித்தார். பின்னாளில் அது சமயக் கலப்புக்குப் பெயராயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் மொழி வரலாறு எழுதியவர்கள் வேற்றுமைகள் கலந்துபோவதற்கு அதை எடுத்துக்கொண்டார்கள். நீங்கல், கருவி, இடம் ஆகிய மூன்று பழைய வேற்றுமைகளின் வேலையும் இலத்தீனில் பெரும்பாலும் ஒரே வேற்றுமையிடம் வந்து சேர்ந்தது அதற்கு நல்ல சான்று.

தமிழில் இதை 'உருபு மயக்கம்' என்று பெயர்க்கக் கூடாது. அது ஒரு வேற்றுமையின் உருபு வேறொரு வேற்றுமையின் பொருளில் வருவது; இங்கே பேசுவதோ ஒரு வடிவம் பல அறைகளுக்குச் சொந்தமாவது. வேறு, இல்லை, உண்டு ஆகியவை ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்கிறது நன்னூல். 'பொது' என்ற அந்தச் சொல்லே நமக்குப் போதும்: வடிவப் பொதுமை.

ஒலி ஒத்துப்போவதெல்லாம் வடிவப் பொதுமை ஆகிவிடாது. வேலூர்ப் பக்கத்துப் பேச்சில் 'நான் வந்தேன்' என்பதன் னகரம் தேய்ந்து மூக்கொலியாகிவிடும். 'நீ வந்தாய்' என்பது 'வந்தே' ஆகிவிடும். வேகமாகப் பேசினால் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். கேள்வி ஆகாரத்தைச் சேர்த்துப் பாருங்கள்: 'நான் வந்தேனா', 'நீ வந்தியா'. வேறுபாடு திரும்பி வந்துவிட்டது. ஆகவே இது கடைசி ஒலி தேய்ந்ததன் விளைவு, அவ்வளவுதான். 'வரும்' அப்படியல்ல. 'அது வருமா', 'அவை வருமா' என்றாலும் ஒன்றாகவே நிற்கிறது. நடக்கும், உண்ணும் என்று எந்த வினையை எடுத்தாலும் அதே கதைதான்.

இன்னொரு சோதனையும் உண்டு. அந்த வேறுபாட்டை மொழி வேறெங்காவது காட்ட வேண்டும். 'மாடு வந்துச்சு', 'மாடுங்க வந்துச்சு' என்று மட்டுமே பேசுபவரின் வினையில் அஃறிணைப் பன்மை எந்தக் காலத்திலும் தனியாகத் தெரிவதில்லை. இல்லாத வேறுபாடு கலந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 'வந்துச்சுங்க' என்பவர் பேச்சில் அந்த வேறுபாடு உண்டு.

வடிவப் பொதுமை என்ற கருத்து எதற்கு உதவுகிறது என்பதைக் காட்பாடி, குடியாத்தம் பக்கத்தில் தமிழோடு சேர்ந்து ஒலிக்கும் தெலுங்கில் பார்க்கலாம். ஆண், பெண், அஃறிணை மூன்றையும் ஒருமை, பன்மையோடு பெருக்கினால் ஆறு அறைகள். தமிழ் இறந்தகாலத்தில் வந்தான், வந்தாள், வந்தது, வந்தார், வந்தன என ஐந்தே வடிவங்கள். பன்மையில் ஆணும் பெண்ணும் ஒன்று. நம் இலக்கணம் பாலை ஆறாக எண்ணாமல் ஐம்பால் என்றதே இந்தப் பொதுமையைக் கண்டுகொண்டதால்தான் என்பேன்.

தெலுங்கில் நான்குதான். அவன் 'வச்சாடு'. அவளும் 'வச்சிந்தி', மாடும் 'வச்சிந்தி'. பன்மையில் ஆண்களும் பெண்களும் 'வச்சாரு', மாடுகள் 'வச்சாயி'. ஒருமையில் அஃறிணையோடு நிற்கும் பெண், பன்மையில் ஆண்களோடு போய்ச் சேர்கிறாள். எதிர்காலத்திலும் இதே பங்கீடு: வஸ்தாடு, வஸ்துந்தி, வஸ்தாரு, வஸ்தாயி. எனவே தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

'வச்சிந்தி' என்பதற்குப் 'பெண் ஈறு' ஒன்று, 'அஃறிணை ஈறு' ஒன்று என்று இரண்டு பதிவு போடுவதுதான் வழக்கமான பிழை. அப்படிப் போட்டால் ஒன்றுபோல் இருப்பது ஏன் என்பது விளங்காமலே போகும். சரியான பதிவு ஒன்றுதான்: ஒருமையில் ஆணுக்கு '-டு', மற்ற எல்லாவற்றுக்கும் '-தி'. பன்மையில் உயர்திணைக்கு '-ரு', மற்றவற்றுக்கு '-யி'. குறிப்பான விதி முதலில் தன் இடத்தைப் பிடிக்கிறது. மீதியைப் பொது விதி எடுத்துக்கொள்கிறது. ஆக '-தி'க்குப் பெண் என்ற பொருளே கிடையாது. அறை சொல்லும் செய்தியைவிட ஈறு சொல்லும் செய்தி குறைவு.

ஆண், பெண், உயர்திணை போன்ற இலக்கணக் கூறுகளைப் பற்றியும் இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஆண், பெண், அஃறிணை என்ற மூன்று பெயர்ப் பட்டியல் போதாது. 'ஆணா இல்லையா', 'உயர்திணையா இல்லையா' என்ற இரண்டு தனிக் கேள்விகள் வேண்டும். ஒருமையில் முதல் கேள்வி மட்டும் கேட்கப்படுகிறது, பன்மையில் இரண்டாவது மட்டும். எண் ஏன் இப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதை விதி விளக்குவதில்லை. அதைத் தனியாக எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் எண்தான் தேர்ந்தெடுக்கிறது என்பது உறுதி: அதே பெண்ணை மரியாதையாகச் சொல்லும்போது வினை பன்மைக்கு மாறுகிறது, உடனே 'அம்மகாரு வச்சாரு'.