ஆலிகோஹைட்ராம்னியாஸ், பாலிஹைட்ராம்னியாஸ்: பனிக்குட நீர் குறைவதும் மிகுவதும்

"அக்கா, ரிப்போர்ட்டுல AFI 4.8ன்னு போட்டிருக்கு, ஆலிகோவாம், தண்ணி வத்திப்போச்சாம், நாளைக்கே ஆபரேஷன்னு சொல்றாங்க." போன வருடம் சித்தப்பா மகள் போனில் இப்படித்தான் அழுதாள். அப்போது அவளுக்கு 37 வாரம். ஸ்கேன் அறையில் பல வருடம் வேலை பார்ப்பவள் என்பதால் இதே பயத்தை இதே வார்த்தைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்த 4.8 என்ன என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அந்த நீளமான பெயரை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பெயரைப் பிரித்தால் பயம் பாதி போய்விடும். எல்லாம் கிரேக்கம். ஒலிகோஸ் என்றால் கொஞ்சம், பொலுஸ் என்றால் நிறைய, ஹுடோர் என்றால் நீர். கடைசியில் நிற்கும் ஆம்னியான் என்பது கருவைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வுப்பை. பழைய கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பலியாட்டின் இரத்தத்தைப் பிடிக்கும் கிண்ணம் என்றும் ஒரு பொருள் உண்டு, ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் ஆம்னோஸ் என்ற சொல்லோடும் அதை இணைத்துப் பார்க்கிறார்கள். ஆக மொத்தம் பெயரில் இருப்பது 'பையில் நீர் கொஞ்சம்', 'பையில் நீர் நிறைய' என்பதுதான். இரண்டும் ஓர் அளவைச் சொல்கின்றனவே தவிர, ஏன் குறைந்தது, ஏன் கூடியது என்று சொல்வதில்லை. காய்ச்சல் என்பது எப்படி ஒரு நோயின் பெயர் இல்லையோ அப்படித்தான் இதுவும்.

தமிழில் நமக்கு இதைவிட நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பைக்குப் பனிக்குடம் என்று பெயர், சில ஊர்களில் பன்னீர்க்குடம் என்பார்கள். பனித்தல் என்றால் துளித்தல், ஈரமாதல். 'கண்கள் பனித்தன' என்கிறோமே, அந்தப் பனிதான். உள்ளே இருப்பது பனிக்குட நீர். எனவே ஆலிகோஹைட்ராம்னியாஸ் என்பதைப் பனிக்குட நீர்க்குறை என்றும், பாலிஹைட்ராம்னியாஸ் என்பதைப் பனிக்குட நீர்மிகை என்றும் சொன்னால் போதும், தனியாக எதையும் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. வெறுமனே 'நீர்க்குறைவு' என்று மட்டும் எழுதுவது எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் அதைக் கேட்டதும் வீட்டில் இருப்பவர்கள் "நீ ஒழுங்கா தண்ணி குடிக்கல, அதான்" என்று கர்ப்பிணியைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் ஊர் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் இந்த நீருக்கு 'லைக்கர்' என்று போடுவார்கள். லத்தீனில் திரவம் என்று பொருள்படும் சொல்லின் மிச்சம் அது. 'லைக்கர் நார்மல்' என்று படித்துவிட்டு ஒரு மாமனார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

சரி, அந்த நீர் எங்கிருந்து வருகிறது? தொடக்க வாரங்களில் அம்மாவின் இரத்தத்திலிருந்து சவ்வு வழியாகக் கசிந்து சேர்கிறது. நாலு மாதம் தாண்டிய பிறகு பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான், நுரையீரலிலிருந்து வரும் திரவமும் கொஞ்சம் சேரும். குழந்தை அதையே விழுங்கவும் செய்கிறது. ஒரு பக்கம் சிறுநீராக வந்து விழ, இன்னொரு பக்கம் வாய்வழியே போக, மீதியைச் சவ்வு உறிஞ்சிக்கொள்ள, 33, 34 வாரங்களில் ஏறத்தாழ 800 மில்லி வரை இருக்கும், அதன் பிறகு மெல்லக் குறையும். வரத்து அடைபட்டால் குறை, போக்கு அடைபட்டால் மிகை. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் காரணங்கள் எல்லாம் தாமாகவே புரிந்துவிடும்.

இனி அளவு. வயிற்றுக்குள் இருக்கும் நீரை ஊற்றி அளக்க முடியாது, அதனால் ஸ்கேனில் ஆழத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். AFI என்ற முறை 1987-ல் ஃபெலன் என்ற மருத்துவரின் குழுவினர் சொன்னது. கர்ப்பிணி மல்லாந்து படுக்க, வயிற்றை நாலு பங்காக நினைத்துக்கொள்ள வேண்டும். தொப்புளுக்குக் குறுக்கே ஒரு கோடு, வயிற்றின் நடுவே மேலும் கீழுமாக ஓடும் கருங்கோடு இன்னொன்று. ஒவ்வொரு பங்கிலும் வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியான ப்ரோபைத் தரைக்குச் செங்குத்தாக வைத்து, அங்கே எங்கே நீர் அதிக ஆழத்தில் கருப்பாகத் தேங்கியிருக்கிறதோ அதை மேலிருந்து கீழாகச் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். நாலையும் கூட்டினால் வருவதுதான் AFI. 5-க்குக் கீழே இருந்தால் குறை, 24 அல்லது 25-ஐத் தாண்டினால் மிகை என்பது பொதுவான எல்லை. வயிறு வளைந்திருக்கிறதே என்று ப்ரோபையும் அதன்படி சாய்த்து வைத்தால் கணக்கு தப்பிவிடும். அழுத்திப் பிடித்தால் நீர் பக்கத்துக்கு ஒதுங்கி அளவு குறையும்.

எல்லாவற்றையும்விடத் தகராறு தொப்புள்கொடியில்தான். கொடியோ கை காலோ குறுக்கே வரும் இடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சாதாரணப் படத்தில் வெறும் நீர் மாதிரி தெரிவது, இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டதும் கொடிச்சுருளாக மாறிவிடும். எனவே டாப்ளர் போட்டு அளந்தால் AFI இன்னும் குறைவாகவே வரும், ஆனால் 5 என்ற எல்லை கலர் இல்லாமல் அளந்த காலத்தில் போட்டது.

தங்கையின் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். வலது மேல் பங்கு 1.6, இடது மேல் 2.3, வலது கீழ் 0.9, இடது கீழ் பூஜ்யம், அங்கே முழுக்கக் கொடிச்சுருள். கூட்டினால் 4.8, சரிதான். ஆனால் இதே படத்தை வேறொரு முறையிலும் படிக்கலாம். நாலையும் கூட்டாமல் எல்லாவற்றிலும் ஆழமான ஒரே ஒரு தேக்கத்தை மட்டும் பார்ப்பது, ரிப்போர்ட்டில் SDP என்று வரும். அது 2-லிருந்து 8 சென்டிமீட்டருக்குள் இருந்தால் இயல்பு. அவளுக்கு 2.3. ஆக ஒரு முறைப்படி குறை, இன்னொரு முறைப்படி இயல்பு, வயிறும் ஒன்று, நீரும் ஒன்று. இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், AFI பார்த்தவர்களுக்குக் 'குறை' என்ற முத்திரை அதிகம் விழுந்தது, வலி வரவைக்கும் மருந்தும் அதிகம் கொடுக்கப்பட்டது, ஆனால் குழந்தைகளின் நிலை அதனால் மேம்படவில்லை. அதனால்தான் பல இடங்களில் இப்போது SDP-யையே நம்புகிறார்கள்.

இதைச் சொன்னதும் அவளுக்கு நிம்மதி வந்துவிட்டது, ஆனால் அங்கேயே நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. நீர் கசிகிறதா, குழந்தையின் எடை வாரத்துக்கு ஏற்ப ஏறியிருக்கிறதா, கொடியின் இரத்த ஓட்டம் எப்படி, அவளுடைய பிரஷர் என்ன, குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு எப்படி என்று இன்னொரு டாக்டர் எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மூன்று நாள் கழித்து மறுபடி அளந்தபோது AFI ஆறைத் தாண்டியிருந்தது. அப்புறம் 39 வாரத்தில் தானாகவே வலி வந்து பிரசவமானாள். இடையில் நிறையத் தண்ணீர் குடித்தாள், அதற்கும் ஓரளவு பலன் உண்டு. பனிக்குட நீர் குறைவாக இருக்கும் பெண்கள் இரண்டு லிட்டர் போலத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் AFI ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். அம்மாவின் உடல் வறண்டிருந்ததால் குறைந்திருந்தால் அது சரியாகும். சிறுநீரகமே இல்லாத குழந்தைக்கு அம்மா எத்தனை குடம் குடித்தாலும் வராது.

அங்கேதான் உண்மையான குறை. வரத்து எப்படியெல்லாம் நிற்கலாம்? இரண்டு சிறுநீரகமும் உருவாகாமல் போகலாம், ஆண் குழந்தையாக இருந்தால் சிறுநீர்க்குழாயில் தடுப்பு இருக்கலாம். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாவிட்டால் குழந்தை இருக்கிற இரத்தத்தை மூளைக்குத் திருப்பிவிடும், சிறுநீரகத்துக்குப் போவது குறையும், சிறுநீரும் குறையும். வளர்ச்சி குன்றிய குழந்தையிடம் நீர்க்குறை வந்தால் டாக்டர்கள் ஏன் பதறுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம். மாத்திரைகளும் உண்டு. எனலாப்ரில் வகைப் பிரஷர் மாத்திரை, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். 20 வாரத்துக்குப் பிறகு அந்த வலி மாத்திரைகளைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துத் துறை 2020-ல் எச்சரித்தது. இவை எல்லாவற்றையும்விட எளிய காரணம் ஒன்று இருக்கிறது, குடம் ஓட்டை. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதை வெள்ளைப்படுதல் என்றோ சிறுநீர் என்றோ நினைத்துவிடுவார்கள்.

விளைவு எந்த வாரத்தில் குறைந்தது என்பதைப் பொறுத்தது. ஐந்து மாத வாக்கில் நீர் இல்லாமல் போனால் நுரையீரல் விரிந்து வளராது, பிறந்ததும் மூச்சுவிட முடியாது. கை காலும் முகமும் நசுங்கியது போல வளரும். எடித் பாட்டர் என்ற மருத்துவர் 1946-ல் விவரித்த அந்தத் தோற்றத்தை இன்றும் அவர் பெயரால் சொல்கிறோம். கடைசி வாரங்களில் குறைந்தால் பயம் வேறு, மெத்தை போன்ற நீர் இல்லாததால் கொடி நசுங்கி இதயத்துடிப்பு இறங்கலாம்.

மிகைக்கு வருவோம். விழுங்கும் வழி அடைத்திருந்தாலோ (உணவுக்குழாய் இணையாமல் இருப்பது, சிறுகுடலின் தொடக்கம் அடைபட்டிருப்பது, மூளை வளராததால் விழுங்கத் தெரியாமல் இருப்பது), இல்லை குழந்தை அதிகமாகச் சிறுநீர் கழித்தாலோ நீர் ஏறும். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் குழந்தையின் இரத்தத்திலும் சர்க்கரை ஏறி அதிகமாகச் சிறுநீர் போகும், நம் ஊரில் முதலில் சர்க்கரையைப் பார்ப்பது அதனால்தான். ஆனால் லேசான மிகையில் பாதிக்கு மேல் எந்தக் காரணமும் கிடைப்பதில்லை. ஆபத்து வயிறு அதிகமாக விரிவதில் இருக்கிறது: மாதம் நிறையும் முன் வலி, குழந்தை தலைகீழாக நிலைக்காமல் புரண்டுகொண்டே இருப்பது, பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்க மறுத்து இரத்தப்போக்கு. குடம் திடீரென்று உடைந்தால் வெள்ளத்தோடு கொடி முன்னால் நழுவி வரலாம், அதற்குச் சில நிமிடங்கள்தான் அவகாசம். மூச்சுமுட்டும் அளவுக்கு ஏறினால் ஊசி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீரை வடிப்பார்கள்.

இரண்டு சொற்களும் ஒரே வயிற்றில் ஒன்றாக வருவதும் உண்டு. ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிடும் இரட்டையரில், ஒருவரின் இரத்தம் இன்னொருவருக்கு ஓடிக்கொண்டே இருந்தால், கொடுப்பவருக்குச் சிறுநீர் வற்றி நீர்க்குறை, வாங்குபவருக்குச் சிறுநீர் பெருகி நீர்மிகை. அங்கே நாலு பங்கைக் கூட்டினால் ஒருவரின் வெள்ளமும் மற்றவரின் வறட்சியும் சேர்ந்து இயல்பான எண்ணாகவே வந்து தொலைக்கும். அதனால் ஒவ்வொரு குடத்தையும் தனித்தனியாகத்தான் அளக்க வேண்டும், ஒன்றில் ஆழமான தேக்கம் 2 சென்டிமீட்டருக்குக் கீழே, மற்றதில் 8-க்கு மேலே என்றால் லேசர் போட்டு அந்த இரத்தக் குழாய் இணைப்புகளை மூடும் மருத்துவமனைக்கு உடனே அனுப்புவார்கள்.