மூன்று வட்டம், எட்டு அறை: போட்டோவில் வந்த வென்படத்தை நிரப்புவது எப்படி?

வாட்ஸ்அப்பில் ஒரு கணக்குத்தாளின் போட்டோ வருகிறது. ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்த தாள். ஓரத்தில் கை நிழல். கணக்கு இதுதான்: சென்னையில் 50 மாணவர்களைக் கேட்டதில் 28 பேர் பேருந்திலும், 22 பேர் மின்சார ரயிலிலும், 18 பேர் மெட்ரோவிலும் பயணிக்கிறார்கள். பேருந்து, ரயில் இரண்டிலும் போகிறவர்கள் 11 பேர். ரயில், மெட்ரோ இரண்டிலும் 8. பேருந்து, மெட்ரோ இரண்டிலும் 9. மூன்றிலும் போகிறவர்கள் 4. எதிலும் போகாதவர்கள் 6. வென்படத்தை நிரப்புக.

மூன்று வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது உள்ளே ஏழு அறைகள் கிடைக்கும். வட்டங்களுக்கு வெளியே, செவ்வகத்துக்குள் இருக்கும் இடம் எட்டாவது. கணக்கில் தந்திருக்கும் எண்கள் பெரும்பாலும் இந்த அறைகளின் எண்கள் அல்ல. 28 என்பது பேருந்து வட்டத்தின் நான்கு அறைகளையும் கூட்டினால் வருவது. தாம்பரத்திலிருந்து ரயிலில் வந்து கிண்டியில் மெட்ரோ ஏறுகிற பையன் ரயிலின் 22-இலும் இருக்கிறான், மெட்ரோவின் 18-இலும் இருக்கிறான், இரண்டிலும் போகிற 8-இலும் இருக்கிறான். ஆனால் படத்தில் அவனுக்கு ஒரே ஓர் அறைதான்.

அதனால் நடுவிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றும் சேரும் இடத்தில் 4. பேருந்தும் ரயிலும் மட்டும் சேரும் அறையில் 11 − 4 = 7, ரயில்-மெட்ரோவில் 8 − 4 = 4, பேருந்து-மெட்ரோவில் 9 − 4 = 5. அதன் பிறகுதான் ஓரங்கள்: பேருந்து மட்டும் 28 − 7 − 5 − 4 = 12, ரயில் மட்டும் 22 − 7 − 4 − 4 = 7, மெட்ரோ மட்டும் 18 − 5 − 4 − 4 = 5. ஏழையும் கூட்டினால் 44. வெளியே 6. மொத்தம் 50, சரி.

போட்டோவில் முதலில் காணாமல் போவது ‘மட்டும்’ என்ற சொல். தாளின் மடிப்பிலோ வெட்டுப்பட்ட ஓரத்திலோ அது மறைந்துவிடும். சில சமயம் இல்லாத இடத்தில் நாமே அதைச் சேர்த்துப் படிப்போம். ‘இரண்டில் மட்டும் 11’ என்று படித்து 11, 8, 9 ஆகியவற்றை அப்படியே அறைகளில் எழுதினால், ரயில் மட்டும் 22 − 11 − 8 − 4 = −1 ஆகிவிடும். குறை எண் வந்த உடனே சொல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும், கழித்தலை அல்ல.

எண்ணே தவறாகத் தெரிந்தால் குறை எண் எப்போதும் வந்து காட்டிக்கொடுக்காது. மேலே கொக்கி போட்டு எழுதிய 11, மங்கலான படத்தில் 17 போலத் தெரியும். 17 என்றே வைத்து நிரப்பிப் பாருங்கள்: அந்த அறை 13, பேருந்து மட்டும் 6, ரயில் மட்டும் 1. எல்லாம் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்துவிடும். ஆனால் ஏழின் கூடுதல் 38; வெளியே உள்ள 6-ஐச் சேர்த்தால் 44. மொத்தத்துக்கு 6 குறைகிறது.

அந்தக் குறைவு எவ்வளவு என்பதே துப்பு. வட்டங்களின் கூடுதலைத் தரும் சூத்திரம் 28 + 22 + 18 − 11 − 8 − 9 + 4. இதில் இரட்டைகள் மட்டும் கழிபடுகின்றன. ஆகவே மொத்தத்துக்கு 6 குறைந்தால், ஏதோ ஓர் இரட்டையை 6 கூட்டிப் படித்திருக்கிறோம். இல்லையென்றால் ஒரு வட்டத்தின் எண்ணையோ, நடு எண்ணையோ, வெளி எண்ணையோ 6 குறைத்துப் படித்திருக்கிறோம். கையெழுத்தில் 6 வித்தியாசம் வரும் குழப்பங்கள் 1-க்கும் 7-க்கும், 0-க்கும் 6-க்கும் இடையில். வித்தியாசம் 5 என்றால் 3-8, 4-9 ஆகியவற்றைத் தேடலாம். மொத்தத் தாளையும் மறுபடி உற்றுப் பார்ப்பதைவிட, அந்த ஒன்றிரண்டு எண்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது சுலபம்.

வட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே எழுதிய 28 வட்டத்தின் மொத்தம். அது அறை எண் அல்ல. செவ்வகத்தின் மூலையில் தனியாக நிற்கும் 6தான் வெளி எண். செவ்வகத்தின் கோடு போட்டோவில் வெட்டுப்பட்டால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அதனால் தாளின் நான்கு மூலைகளும் விழும்படி, நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

இந்தச் சோதனைக்கும் ஓட்டை உண்டு. 28-ஐ 23 என்றும், பேருந்து-மெட்ரோவின் 9-ஐ 4 என்றும் சேர்த்துத் தவறாகப் படித்தால், ஒன்றில் குறைந்த 5 இன்னொன்றில் ஈடாகிவிடும். பேருந்து மட்டும் அதே 12, பேருந்து-மெட்ரோ மட்டும் 0, மெட்ரோ மட்டும் 10. குறை எண் இல்லை. கூடுதல் 44, மொத்தம் 50. இதை எந்தக் கழித்தலும் கண்டுபிடிக்காது. அசல் தாளை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.